மாலையில் மட்டும் மாறிப்போகும் போன்

போன் பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வகைப் புகார் பிடிக்கவே பிடிக்காது. "சாயங்காலம் ஆனா மெயில் வர மாட்டேங்குதுண்ணே. ஆப்பைத் திறந்ததும் மொத்தமா வந்து விழுது" என்பார் வாடிக்கையாளர். கடைக்காரர் போனை வாங்கிப் பார்ப்பார். சார்ஜ் குறைவாக இருக்கும். சோதிக்கிறபோது அணைந்துவிடக் கூடாதே என்று முதல் வேலையாக சார்ஜரில் செருகுவார். பிறகு தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்புவார். அடுத்த நொடி மணி அடிக்கும். "இப்ப நல்லாத்தானே சார் இருக்கு?" வாடிக்கையாளர் குழம்பிப்போய் வீட்டுக்குத் திரும்புவார். மறுநாள் மாலை மறுபடியும் அதே கதை.

இருவர் சொல்வதும் சரிதான். சார்ஜரைச் செருகிய அந்தக் கணமே கோளாறு மறைந்துவிட்டது. அது கோளாறே இல்லை என்பதுதான் விஷயம். ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பான் என்று ஓர் ஏற்பாடு உண்டு. திரையில் Battery Saver என்றிருக்கும். சார்ஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அது தானாகவே வேலையைத் தொடங்கும். சார்ஜரில் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே அந்தப் போனைச் சார்ஜரில் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் சோதித்தாலும் எதுவும் அகப்படாது.

இந்த வசதி 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 பதிப்புடன் வந்தது. அப்போது அதைத் தானாக இயங்கவைக்க 15 சதவீதம், 5 சதவீதம் என்று இரண்டே அளவுகள் இருந்தன. இரண்டும் பேட்டரி சாகப்போகிற நேரம். அந்த நேரத்தில் போன் கொஞ்சம் மந்தமாக நடந்துகொண்டால் யாரும் பொருட்படுத்தவில்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடந்தன. சேமிப்பானின் கட்டுப்பாடுகள் மிகவும் கடுமையாயின. அது தொடங்கும் அளவையும் பயனரே விரலால் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றானது. இன்றைய பிக்சல் போன்களில் அந்த அளவை 75 சதவீதம் வரை உயர்த்தலாம். சார்ஜ் நிறைய மிச்சமாகட்டும் என்ற எண்ணத்தில் ஒருவர் 75-இல் வைத்துவிட்டால், காலையில் முழுதாக ஏற்றிய போன் பத்து மணிக்கெல்லாம் சிக்கனத்துக்குப் போய்விடும். அதன்பிறகு அன்று முழுவதும் அவர் கையில் இருப்பது வேறொரு போன்.

எந்த வகையில் வேறு? சேமிப்பான் இயங்கும்போது போனைப் பாதி ஷட்டர் இறக்கிய கடை என்று நினைத்துக்கொள்ளலாம். கல்லா முன்னால் நிற்கிற ஆளுக்குப் பொருள் கிடைக்கும். பின்வாசலில் வந்து இறங்கவேண்டிய சரக்கு காத்திருக்கும். திரையில் திறந்து வைத்திருக்கிற செயலி ஏறக்குறைய வழக்கம்போல ஓடும். திரைக்குப் பின்னால் இருக்கிற செயலிகளுக்கு இணையத் தொடர்பு கிடைக்காது. அவை நினைத்த நேரத்தில் விழித்து வேலை செய்யவும் முடியாது. ஆண்ட்ராய்டு 9-க்கு முன்பு, பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகள் இதில் பலவற்றிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பின் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே சட்டம்.

மெயில் மொத்தமாக வந்து விழுவதற்கு இதுதான் காரணம். மெயில் செயலி இடையிடையே பின்னணியில் எழுந்து, 'புதிதாக ஏதாவது உண்டா' என்று தன் சர்வரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. சேமிப்பான் அந்தக் கேள்வியைத் தடுத்துவிடுகிறது. நீங்கள் செயலியைத் திறக்கிறீர்கள். அது முன்னால் வந்துவிட்டது, தொடர்பு கிடைத்துவிட்டது, தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் இறங்குகிறது. போட்டோக்கள் தானாகச் சேமிப்பகத்துக்கு ஏறாமல் நின்றுபோவதும், வானிலைக் கட்டத்தில் மத்தியானத்து வெயிலே இரவிலும் காய்ந்துகொண்டிருப்பதும் இதே கதைதான்.

அப்படியானால் வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் எப்படி உடனே வருகிறது? கூகுளின் செய்தி அனுப்பும் அமைப்பில் 'அவசரம்' என்று முத்திரையிட்டு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. அந்த முத்திரையோடு வரும் தகவல், செயலியைச் சில நொடிகள் எழுப்பி இணையத்தையும் திறந்துவிடும். அழைப்புகளும் அரட்டைச் செய்திகளும் பெரும்பாலும் இந்த வழியில் வருகின்றன. சாதாரண முத்திரையோடு வருவது காத்திருக்கும். சில அறிவிப்புகள் உடனே வருவதும் சில மணிக்கணக்கில் தாமதிப்பதும் இதனால்தான். பார்க்கிறவருக்கு ஒரு செயலி மட்டும் கெட்டுவிட்டது போலத் தோன்றும். அவர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார். நிறுவியதும் அது திரையில் முன்னால் இருப்பதால் ஒழுங்காக வேலை செய்யும். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிவிடுவார்.

சாதாரண போன் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் இந்தத் தடை இல்லை. கடிகாரச் செயலியில் வைத்த அலாரமும் அடிக்கும். ஆனால் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் தனிச் செயலிகளை அதே அளவு நம்ப முடியாது. ஒவ்வொன்றும் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, சில சரியாக அடிக்கும், சில தள்ளிப்போகும். வீட்டுப் பெரியவருக்கு மருந்து நினைவூட்ட ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்திருந்தால், சேமிப்பானைக் கையால் இயக்கிவிட்டு அது ஒருமுறை ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த நேரங்களைக் கடிகார அலாரத்திலேயே வைத்துவிடலாம்.

எல்லாவற்றிலும் வினோதமாகத் தெரிவது இருப்பிடம் சார்ந்த கோளாறுதான். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒருவர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏரிச்சாலை சுமார் 5 கிலோமீட்டர். நடைப்பயிற்சிச் செயலியைத் தொடங்கிவிட்டு, படகுத்துறை பக்கம் போனின் திரையை அணைத்துச் சட்டைப்பையில் போடுகிறார். எதிர்க்கரைக்குப் போனதும் ஒரு படம் எடுக்கத் திரையை எழுப்புகிறார். நடந்து முடித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தால், கோடு தண்ணீர்மேல் நேராகப் போயிருக்கிறது! தூரமும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

திரை அணைந்திருக்கும்போது இருப்பிடம் கண்டறிவதைச் சேமிப்பான் நிறுத்திவைக்கலாம். திரை எரியும்போது மட்டும், அல்லது முன்னால் இருக்கும் செயலிக்கு மட்டும், இருப்பிடம் சொல்லும்படி போன் நிறுவனங்கள் அமைத்துக்கொள்கின்றன. இது போனுக்குப் போன் மாறும். நம் நடையாளரின் செயலிக்குத் தெரிந்தவை இரண்டே புள்ளிகள். ஒன்று திரை அணைந்த இடம், மற்றது மறுபடி எரிந்த இடம். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டது. அதே சமயம் அவர் எடுத்துவைத்த அடிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக இருக்கும். அடிகளை எண்ணுவது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனி உணரி, அதற்கு ஜி.பி.எஸ். தேவையில்லை. அடிகள் சரியாக இருந்து பாதை மட்டும் நேர்கோடாகிப்போனால் சேமிப்பான்மேல்தான் முதல் சந்தேகம் விழவேண்டும். மழையோ மரங்களோ குறுக்கிட்டு ஜி.பி.எஸ். தடுமாறினால் கோடு இப்படி நேராக இருக்காது, கோணல்மாணலாகத் துள்ளும்.

டெலிவரிக்காரரின் புள்ளி வரைபடத்தில் ஒரே இடத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று இரண்டு தெரு தள்ளிக் குதிப்பதும், வீட்டாருடன் பகிர்ந்த இருப்பிடம் அரை மணி நேரம் பழையதாக இருப்பதும் இதே காரணத்தால் நேரலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. பார்க்கிறவரின் போனில் எந்தக் குறையும் இருக்காது. அனுப்புகிறவரின் போன்தான் சிக்கனத்தில் இருக்கும்.

இன்னும் சில சின்ன மாற்றங்களும் உண்டு. திரை தானாகக் கறுப்பு நிறத்துக்கு மாறும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. குரலால் கூப்பிட்டால் போன் விழிக்காது. சாம்சங் போன்களில் Power saving என்ற பெயரில் வருவதில், தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து, செயலியின் வேகம் 70 சதவீதமாகக் குறையும், திரை வெளிச்சம் 10 சதவீதம் இறங்கும், 5ஜி அணையும், எப்போதும் தெரியும் கடிகாரம் மறையும். எரிச்சலூட்டினாலும் இவை கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள். அதனால் நல்ல துப்பும்கூட. நீங்கள் தொடாமலே திரை கறுப்பானால், அன்று மெயில் ஏன் வரவில்லை என்று தேடி அலைய வேண்டியதில்லை.

சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ளச் சார்ஜ் இறங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. போனில் 80 சதவீதம் இருக்கும்போதே, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மேலிருந்து இழுத்தால் வரும் பலகையில் சேமிப்பானைக் கையால் இயக்குங்கள். திரையை அணைத்து வைத்துவிட்டு வேறொரு போனிலிருந்து மெயில் அனுப்பிப் பாருங்கள். அல்லது அதே தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பிறகு சேமிப்பானை அணைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். முதல்முறை கோளாறு வந்து இரண்டாம்முறை வராமல் போனால் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு முறையும் வந்தால் சேமிப்பானைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது போன் நிறுவனம் தனியாக வைத்திருக்கும் பின்னணிக் கட்டுப்பாடு அதை நிறுத்தியிருக்கலாம். சோதிக்கும்போது சார்ஜர் செருகப்பட்டிருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சேமிப்பான் எப்போது வரும், எப்போது போகும் என்பதிலும் இரண்டு குழப்பங்கள் உண்டு. 20 சதவீதத்தில் அது தானாக இயங்கியதும் நீங்கள் கையால் அணைத்துவிடுகிறீர்கள். அதன்பின் 19, 15, 10 என்று இறங்கினாலும் அது திரும்ப வராது. 'இவருக்கு இப்போது வேண்டாமாம்' என்று எடுத்துக்கொண்டு, மறுபடி சார்ஜ் ஏறி அந்த அளவைத் தாண்டி இறங்கும் வரை அடங்கியிருக்கும். அமைப்பு வேலை செய்யவில்லை என்று இதைத் தவறாக நினைப்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறானது இரண்டாவது. நீங்களே கையால் இயக்கிய சேமிப்பான், சார்ஜரில் போட்டதும் ஒதுங்கும். 60 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றினால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பொதுவாக 90 சதவீதம் ஏறினால்தான் முழுதாக விலகும். 'சார்ஜ்தான் போட்டேனே, மறுபடி ஏன் கறுப்பாகிறது' என்பதற்கு இதுவே விடை.

சில போன்களில் இன்னொரு தெரிவும் இருக்கும். சதவீதம் எதுவும் குறிக்காமல், உங்கள் தினசரிப் பழக்கத்தைப் பார்த்து, அடுத்த சார்ஜ் வரை தாங்காது என்று போனுக்குத் தோன்றும்போது இயங்கும் முறை அது. ஒழுங்கான அன்றாடம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருக்கும்போது இதைப்போலத் தொல்லை வேறில்லை. இன்று 35-இல் வரும், நாளை 20-இல் வரும், மறுநாள் வரவே வராது. காரணம் தேடுகிறவரை முதலில் ஒரு நிலையான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

அந்த எண் எது? 'எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு நூறு சதவீதத்தோடு கிளம்புகிறார். இரவு 8 மணிக்கு வீடு திரும்பினால்தான் சார்ஜர். இடையில் 13 மணி நேரம். சாதாரண நாளில் அவர் போன் மணிக்கு 6 சதவீதம் இறங்குகிறது என்று வைப்போம். 13 மணி நேரத்தில் 78 போய், வீட்டுக்கு வரும்போது 22 மிச்சம் இருக்கும். சேமிப்பானே தேவையில்லை. அவர் 50 சதவீதத்தில் வைத்திருந்தால், மாலை 3.20-க்கே அது இயங்கத் தொடங்கும். பிள்ளையின் பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பார்க்கவும், வீட்டாரோடு இருப்பிடம் பகிரவும், அலுவலக மெயிலுக்குக் காத்திருக்கவும் போன் தேவைப்படும் நேரம் அதுதான். மிச்சப்படுத்தவேண்டிய அவசியமே இல்லாத ஒரு நாளில் போனின் பாதி வேலையை நிறுத்திவைத்ததாகிவிடும்.

இனி அலைச்சலான ஒரு நாள். அழைப்புகள் அதிகம், வெளிவேலை அதிகம், மணிக்கு 8 சதவீதம் இறங்குகிறது. சேமிப்பான் இல்லாவிட்டால் பன்னிரண்டரை மணி நேரத்தில், அதாவது இரவு 7.30-க்கு, போன் அணைந்துவிடும். வீட்டுக்கு அரை மணி நேரம் போதாது. சேமிப்பான் இறக்கத்தை மணிக்கு 6 ஆகக் குறைக்கிறது என்று கொள்வோம். 10 சதவீதத்தில் தொடங்கினால் போன் 7.55 வரை தாங்கும். ஐந்து நிமிடம் போதவில்லை. 15-இல் தொடங்கினால் 8.07. 20-இல் தொடங்கினால் மாலை 5 மணிக்குச் சிக்கனம் தொடங்கி 8.20 வரை தாங்கும். 50 என்றால் மத்தியானம் 1.15-க்கே தொடங்கி இரவு 9.35 வரை போகும். ஆனால் 8 மணிக்கு அவர் வீட்டில் இருப்பார், சார்ஜர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். அந்தக் கூடுதல் நேரத்துக்காக மூன்றே முக்கால் மணி நேரம் முன்னதாகவே சிக்கனத்துக்குப் போயிருக்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு 20 போதும். ரயில் தாமதமாகும் என்ற பயம் இருந்தால் 25 வைக்கலாம். அப்போது 8.32 வரை தாங்கும். அதற்கு விலை, சாதாரண நாளிலும் கடைசி அரை மணி நேரம் சேமிப்பான் இயங்கும் என்பது மட்டுமே. கொடுக்கத்தக்க விலைதான்.

உங்கள் எண்கள் இவையாக இருக்காது. அலைச்சலான நாளில் ஒருமுறை, ஓரிரு மணி நேர இடைவெளியில் சதவீதத்தைக் குறித்து வைத்தால் இறக்க வேகம் தெரிந்துவிடும். இன்னொரு நாள் சேமிப்பானை இயக்கிவிட்டு அதே நேரத்தில் குறித்தால் அது எவ்வளவு குறைக்கிறது என்பதும் தெரியும். இரண்டாவது எண்ணைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோவார்கள். சேமிப்பான் முக்கியமாக மிச்சப்படுத்துவது பின்னணி வேலைகளை. தொடர்ந்து வீடியோ பார்க்கிறவருக்கோ விளையாடுகிறவருக்கோ, சார்ஜைத் தின்பது எரிகிற திரையும் முன்னால் ஓடும் செயலியும். அங்கே சேமிப்பானுக்குப் பெரிய வேலை கிடையாது. அவர்கள் அளவை 60, 70 என்று உயர்த்தினாலும் மெயிலும் இருப்பிடமும்தான் கெடும், நேரம் அவ்வளவாகக் கூடாது. திரை வெளிச்சத்தைக் கையால் குறைப்பது அவர்களுக்கு அதைவிட உதவும்.

பேட்டரி பழையதாகிவிட்டால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். லித்தியம் அயனி பேட்டரி தேயத் தேய அதன் கொள்ளளவு குறைகிறது, உள்தடையும் கூடுகிறது. கேமராவைத் திறப்பது போன்ற திடீர்ச் சுமை வரும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியும். போன் 12 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அந்தப் போனுக்கு 12 என்பதுதான் பூஜ்யம். தாம்பரத்துப் பெண்ணின் போன் இந்த நிலையில் இருந்தால், அலைச்சலான நாளில் 20-இல் தொடங்கும் சேமிப்பானுக்கு எட்டு சதவீதம்தான் மிச்சம் கிடைக்கும். மாலை 6.20-க்கு போன் அணைந்துவிடும். 8 மணி வரை தாங்கவேண்டுமானால் தொடங்கும் அளவை எங்கே வைக்கவேண்டும்? கணக்கு 60 என்கிறது. அதாவது நண்பகல் 12 மணிக்கே சிக்கனம். இறக்க வேகம் முன்போலவே இருக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டே வருகிற எண் இது. தேய்ந்த பேட்டரியில் சதவீதம் வேகமாகவும் இறங்கும் என்பதால் உண்மை இதைவிட மோசமாகவே இருக்கும்.

ஆகவே 40-க்கு மேல் வைத்தால்தான் நாள் ஓடுகிறது என்ற நிலை வந்துவிட்டால், அந்த அளவை இன்னும் உயர்த்திக்கொண்டே போவதில் பொருளில்லை. பேட்டரியை மாற்றவேண்டும், அல்லது மத்தியானம் அலுவலகத்தில் அரை மணி நேரம் சார்ஜ் போடவேண்டும், அல்லது பையில் ஒரு பவர் பேங்க் இருக்கவேண்டும்.

சரியான எண்ணை வைத்த பிறகும் ஒன்றிரண்டு செயலிகள் சிக்கனத்திலும் தடையில்லாமல் ஓடவேண்டியிருக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, அதன் தகவல் பக்கத்துக்குப் போய், Battery என்ற இடத்தில் Unrestricted என்பதைத் தேர்ந்தெடுத்தால், சேமிப்பான் இயங்கும்போதும் அந்தச் செயலிக்குப் பின்னணியில் இணையம் கிடைக்கும். அலுவலக மெயிலுக்கு இது பொருத்தம். ஆனால் இது இணையத் தடையைத்தான் தளர்த்தும். திரை அணைந்திருக்கும்போது இருப்பிடம் நின்றுபோவதைப் பெரும்பாலும் இது சரிசெய்யாது. நடைப் பாதையைப் பதிய விரும்புகிறவர் அந்த நேரத்துக்குச் சேமிப்பானை அணைத்துவிடுவதுதான் ஒரே உறுதியான வழி. பத்துப் பதினைந்து செயலிகளுக்கு இந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டால் சேமிப்பான் பெயருக்குத்தான் இருக்கும். இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2015-இல் ஐ.ஓ.எஸ். 9-உடன் வந்த அதன் சிக்கன முறை, 20 சதவீதத்திலும் 10 சதவீதத்திலும் 'இயக்கட்டுமா?' என்று அனுமதி கேட்கும். இயங்கினால் பேட்டரிச் சின்னம் மஞ்சளாகும். 80 சதவீதம் ஏறியதும் தானாக விலகும். அங்கே அதிகம் கேட்கும் புகார் வேறு மாதிரி. படித்துக்கொண்டிருக்கும்போதே திரை பூட்டிக்கொள்கிறது என்பார்கள். சிக்கன முறையில் திரை 30 நொடியில் பூட்டிக்கொள்ளும், அதை அமைப்புகளில் மாற்றவும் விடாது. வேறொரு சதவீதத்தில் தானாக இயங்கவேண்டுமானால் Shortcuts செயலியில் ஒரு தானியங்கி விதி எழுதிக்கொள்ளலாம். சாம்சங் போன்களிலும் Modes and Routines பகுதியில் பேட்டரி அளவை நிபந்தனையாக வைத்து இப்படி ஒரு விதி அமைக்கலாம்.

அப்படி விதி எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. '20-க்குக் கீழே போனால் இயக்கு' என்று எழுதிவிட்டு, எப்போது அணைப்பது என்பதை எழுதாமல் விட்டுவிட வேண்டாம். இரவு முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகும் காலையில் திரை கறுப்பாகவே இருந்தால், முதலில் அந்த விதியைத் திறந்து பாருங்கள்.